பள்ளி ஹால் கேட்டு ஒரு கடிதம்

மாலை நாலரை மணிக்குப் பள்ளி வேன்கள் கிளம்பிவிட்டால், ஊரிலேயே பெரிய ஹால் மறுநாள் காலைவரை பூட்டிக் கிடக்கும். அதே ஊரில் சிலம்பம், பரதம், செஸ் கற்றுத்தருகிறவர்கள் மொட்டைமாடியில் வகுப்பு நடத்துகிறார்கள். மழை பெய்தால் அன்று வகுப்பு இல்லை. இரண்டையும் இணைக்க ஒரு பக்கக் கடிதம் போதும். ஆனால் அப்படிப் போகும் கடிதங்களில் பல, கலையின் பெருமையை ஒரு பக்கம் சொல்லிவிட்டு, பள்ளிக்குத் தெரியவேண்டியதைச் சொல்லாமல் விட்டுவிடுகின்றன.

தனியார் பள்ளியில் ஹாலை யாருக்குக் கொடுப்பது என்று பொதுவாக முதல்வர் தனியாக முடிவெடுப்பதில்லை. கட்டடம் அறக்கட்டளையினுடையது, கடைசிக் கையெழுத்து தாளாளருடையது. ஆகவே கடிதம் முதல்வருக்குப் போனாலும், அவர் அதை அப்படியே தாளாளர் மேசையில் வைக்கும்படி இருக்க வேண்டும். விண்ணப்பிப்பவர் பக்கத்தில் இல்லாதபோதும் தாளாளர் கேட்கும் கேள்விகளுக்கு அந்தத் தாளே பதில் சொல்ல வேண்டும்.

முதல் கேள்வி, இது வியாபாரமா என்பதுதான். பள்ளிக் கட்டடத்தைப் பகலிலோ இரவிலோ வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது சி.பி.எஸ்.இ. இணைப்பு விதி. மின்சாரத்திலும் சிக்கல் உண்டு. கல்வி நிறுவனத்துக்கென்று வாங்கிய இணைப்பை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தியதாக முடிவானால், 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவின்படி அதற்குரிய கட்டணத்தைப்போல இரண்டு மடங்கு கட்ட நேரிடும். வெளியாளிடம் வாடகை வாங்கினால் ஜி.எஸ்.டி. கேள்வியும் எழும். “ஹாலை வாடகைக்குத் தாருங்கள்” என்று தொடங்கும் கடிதம் இத்தனை கவலைகளையும் முதல் வரியிலேயே எழுப்பிவிடுகிறது.

இதற்காக வார்த்தையை மட்டும் மாற்றி எழுதினால் ஏமாற்றாகிவிடும். ஏற்பாட்டையே மாற்ற வேண்டும். ஒரு சிலம்ப ஆசானின் விண்ணப்பத்தைக் கற்பனை செய்துபார்க்கலாம். அந்தப் பள்ளியின் 6 முதல் 9-ஆம் வகுப்பு மாணவர்கள் 30 பேருக்கு மட்டும் பயிற்சி, வெளிப்பிள்ளைகள் இல்லை. மாதக் கட்டணம் 600 ரூபாய். அதைப் பள்ளி அலுவலகமே ரசீது போட்டு வாங்கும். சேரும் 18,000 ரூபாயில் 14,000 ஆசானுக்கு. மீதி 4,000 மின்சாரத்துக்கும், ஹாலைப் பெருக்குபவருக்கும், கூடுதல் நேரம் நிற்கும் காவலாளிக்கும். இப்படி அமைத்தால் அது பள்ளியே தன் பிள்ளைகளுக்கு நடத்தும் பயிற்சி ஆகிறது. வெளிப்பிள்ளைகளையும் சேர்க்க நினைப்பவர் அதை மறைக்காமல் எழுத வேண்டும். அதற்கு ஒப்புக்கொள்ளும்முன் பள்ளி தன் ஆடிட்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

பணத்தைவிடப் பெரிய பயம் பிள்ளைகளின் பாதுகாப்பு. 2012-இல் போக்சோ சட்டம் வந்தபின் வெளியாளைப் பள்ளிக்குள் விட எந்த முதல்வரும் யோசிப்பார், அது நியாயமும்கூட. அவர் கேட்கும்வரை காத்திருக்காமல், காவல்துறை சரிபார்ப்புச் சான்றிதழைக் கடிதத்தோடு இணைத்துவிட வேண்டும். பெண் பிள்ளைகள் இருந்தால் வகுப்பு முடியும்வரை ஒரு பெண் உதவியாளர் இருப்பார் என்றும், கடைசிப் பிள்ளையைப் பெற்றோர் அழைத்துப்போன பிறகே ஆசான் கிளம்புவார் என்றும் எழுத வேண்டும். பிள்ளையை அழைக்க ஏழு மணிக்கு வரவேண்டிய அப்பா எட்டுக்கு வருவது எல்லா ஊரிலும் நடக்கிறது. அந்த ஒரு மணி நேரத்துக்கு யார் பொறுப்பு என்று தெளிவாகாமல் எந்த வகுப்பையும் தொடங்கக் கூடாது.

ஹாலை ஒருமுறை நேரில் பார்க்காமல் எழுதுவதும் தவறு. கம்பு சுற்றும்போது தாழ்ந்த மின்விசிறியும் குழல்விளக்கும் அடிபடும். கூரை தாழ்வாக இருந்தால் பிள்ளைகளுக்குக் குட்டைக் கம்பு, பெரியவர்களுக்கு மைதானம் என்று முன்கூட்டியே பிரித்துச் சொல்லலாம். உடைந்தால் யார் செலவு என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

பிறகு, ஹாலைத் திருப்பித் தருவது. தேர்வு, ஆண்டுவிழா ஒத்திகை, தேர்தல் வாக்குச்சாவடி என்று பள்ளிக்கு ஹால் தேவைப்படும் நாட்கள் நிறைய. கடிதத்தின் நடுவே இப்படி நான்கு வரி இருந்தால் முதல்வரின் மனம் இளகும்:

“திங்கள், புதன், வெள்ளி மாலை 5.15 முதல் 6.30 வரை ஹால் தேவைப்படும். 6.45-க்குள் பெருக்கி, சாவியைக் காவலாளியிடம் ஒப்படைப்போம். பள்ளிக்கு ஹால் தேவைப்படும் நாளில் முதல்நாள் சொன்னால் போதும், வகுப்பு இருக்காது. முதலில் ஜூன் முதல் காலாண்டுத் தேர்வு வரை மட்டும் அனுமதி கேட்கிறோம். தொடர்வதா என்பதை அதன்பிறகு தாங்கள் முடிவு செய்யலாம்.”

முழு ஆண்டுக்குக் கேட்டால் மறுப்பது எளிது. மூன்று மாதத்துக்குக் கேட்டால், பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்ளும் உரிமை பள்ளியிடமே இருக்கிறது.

கொடுக்கும் நேரத்தையும் பார்க்க வேண்டும். மார்ச்சில் கொடுத்தால் பொதுத்தேர்வு நெரிசலில் கடிதம் கோப்புக்குள் போய்விடும். ஜூனில் கொடுத்தால் ஆண்டுக் கால அட்டவணை அச்சாகியிருக்கும். ஏப்ரல் கடைசி வாரத்தில், முன்கூட்டியே நேரம் கேட்டு, முதல்வர் கையில் நேரில் கொடுங்கள். ஒரு நகலில் அலுவலக முத்திரையோடு தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.