Ctrl+Z-க்குப் பின்னால் இரண்டு அடுக்குகள்

விண்டோஸ் நோட்பேடில் 2021 வரை ஒரே ஒரு படிதான் பின்னால் போக முடிந்தது. Ctrl+Z அழுத்தினால் கடைசியாகச் செய்தது மறையும், மறுபடி அழுத்தினால் மறைந்ததே திரும்பி வரும். அதற்கு முந்தையதை மீட்க வழி கிடையாது. இத்தனைக்கும், எத்தனை படி வேண்டுமானாலும் பின்னால் போய் முன்னால் வரும் வித்தைக்கு இரண்டு அடுக்குகள் போதும். கணினி மாணவர்கள் தொடக்கத்திலேயே படிக்கிற பாடம்தான் இது.

நிரலர்கள் ஸ்டாக் என்று சொல்வது, பந்தியில் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைப்பது போன்றது. கடைசியாக வைத்ததுதான் முதலில் கைக்கு வரும். எடிட்டரில் இப்படி இரண்டு: செய்தவற்றை அடுக்குவது ஒன்று, நீக்கிப் பின்வாங்கியவற்றை அடுக்குவது இன்னொன்று. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஆவணம் முழுவதையும் நகலெடுத்து வைத்தால் நினைவகம் தாங்காது. அதனால் எந்த இடத்தில் எது போனது, எது வந்தது என்று மட்டும் குறித்துக்கொள்வார்கள். அழித்த எழுத்துகளையும் அப்படியே குறித்தாக வேண்டும். ‘மூன்று எழுத்து அழிக்கப்பட்டது’ என்ற குறிப்பை வைத்துக்கொண்டு எதையும் மீட்க முடியாது.

```
def edit(e):
    apply(e)
    done.append(e)
    undone.clear()

def undo():
    if done:
        e = done.pop()
        apply(inverse(e))
        undone.append(e)
```

மறுபடி செய்வதற்கான redo, இந்த undo-வின் கண்ணாடிப் பிம்பம். edit-இன் கடைசி வரியைத்தான் கவனிக்க வேண்டும். ‘மழை’ என்று தட்டுகிறீர்கள், பிறகு ‘ பெய்தது’ என்று சேர்க்கிறீர்கள். Ctrl+Z அழுத்தியதும் ‘ பெய்தது’ இரண்டாம் அடுக்குக்குப் போகிறது. அந்த இடத்தில் ‘ வந்தது’ என்று புதிதாக எழுதுகிறீர்கள். இப்போது இரண்டாம் அடுக்கைக் காலிசெய்யாமல் விட்டால், Ctrl+Y அழுத்தியதும் பழைய குறிப்பு தன் பழைய இடத்திலேயே வந்து நுழைந்து ‘மழை பெய்தது வந்தது’ என்றாகிவிடும். அந்தக் குறிப்பு அழித்தலாக இருந்தால் இன்னும் மோசம், சம்பந்தமே இல்லாத சொல்லைக் கடித்துத் தின்றுவிடும். (பின்வாங்கிய கிளையையும் இழக்க விரும்பாதவர்களுக்கு விம் எடிட்டர் வரலாற்றை மரமாகவே வைத்திருக்கிறது. எல்லோருக்கும் அது தேவைப்படாது.)

சரி, காலிசெய்தாகிவிட்டது. அங்கேதான் எளிதில் கண்ணில் படாத ஒரு பிழை பிறக்கிறது. ஆவணம் சேமிக்கப்பட்டதா என்பதைப் பல எடிட்டர்கள் முதல் அடுக்கின் உயரத்தை வைத்தே தீர்மானிக்கும். மேலே சொன்ன கதையில் ‘மழை பெய்தது’ என்று இருந்தபோது சேமித்ததாக வைத்துக்கொள்வோம், அப்போது உயரம் 2. பின்வாங்கியதும் 1. ‘ வந்தது’ என்று எழுதியதும் மறுபடி 2. உயரம் ஒத்துப்போகிறது, ஆகவே எதுவும் மாறவில்லை என்று நிரல் நம்புகிறது. மூடும்போது ‘சேமிக்கவா?’ என்று கேட்காது, எழுதியது போய்விடும். சேமித்த நிலை இரண்டாம் அடுக்குக்குள் இருக்கும்போது அந்த அடுக்கு காலியானால், சேமித்த அடையாளத்தையும் அப்போதே ரத்துசெய்ய வேண்டும். க்யூட்டி நிரலகத்தின் QUndoStack இதைத்தான் செய்கிறது: அதன் cleanIndex -1 ஆகிவிடும்.

இன்னொரு பொறி: எழுத்துப் பெட்டியில் எது மாறினாலும் தானாகப் பதிவாகும்படி எழுதிவிடுவது. அப்போது undo செய்த மாற்றமும் புது மாற்றமாகப் பதிவாகி இரண்டாம் அடுக்கைத் துடைத்துவிடும். Ctrl+Z அழுத்த அழுத்த ஒரே சொல் வருவதும் போவதுமாக இருந்தால் காரணம் இதுவாகத்தான் இருக்கும். undo, redo ஓடும் நேரத்தில் பதிவை நிறுத்திவைக்க வேண்டும்.

கடைசியாக, ஒரு படி என்பது எவ்வளவு? ஒவ்வொரு விசையையும் தனிப் படியாகப் பதிந்தால் ஒரு வரியை நீக்க நாற்பது தடவை அழுத்த வேண்டியிருக்கும். ஆகவே இடைவிடாமல் தட்டியதை ஒரே படியாகச் சேர்த்து, கர்சர் நகர்ந்தாலோ கொஞ்ச நேரம் கை நின்றாலோ அதை முடிப்பார்கள். தமிழில் இதற்குக் கூடுதல் கவனம் வேண்டும். ஒலிப்பு முறை விசைப்பலகையில் k தட்டினால் ‘க்’ வரும், பிறகு o தட்டினால் புள்ளி அழிந்து ‘ொ’ சேர்ந்து ‘கொ’ ஆகும். அழித்ததையும் சேர்த்ததையும் தனித்தனிப் படிகளாகப் பதிந்தால், ஒரு Ctrl+Z-க்குப் பிறகு திரையில் ‘க’ நிற்கும். பயனர் அந்த எழுத்தைத் தட்டவே இல்லை.

தமிழுக்கு எடிட்டர் எழுதுகிறவர்கள் இரண்டைக் கட்டாயம் சோதித்துப் பாருங்கள். ‘கொ’ தட்டி Ctrl+Z அழுத்துங்கள். பிறகு சேமித்து, பின்வாங்கி, அதே எண்ணிக்கையில் வேறு எதையாவது எழுதி, ஜன்னலை மூடிப் பாருங்கள்.