முகூர்த்தத்துக்கு எத்தனை ஜிபி?

கல்யாண வீடியோ எடுக்கும் கேமராவின் மெனுவைத் திறந்தால், ரெக்கார்டிங் பகுதியில் 100M, 200M என்று சில எண்கள் வரிசையாக நிற்கும். எண் பெரிதானால் படம் நன்றாக வரும் என்ற அளவில் புரிந்துகொண்டு, ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு வேலையைப் பார்ப்பவர்கள்தான் அதிகம். ஆனால் எத்தனை கார்டு வாங்க வேண்டும், அவை எவ்வளவு வேகமாக இருக்க வேண்டும், ரிசப்ஷன் முடிந்த இரவு எத்தனை மணிக்குப் படுக்கலாம், எடிட்டிங்குக்கு எந்த டிஸ்க் தாங்கும் என்பதெல்லாம் அந்த எண்ணுக்குள்ளேயே இருக்கிறது. அட்வான்ஸ் வாங்கும் நாளிலேயே ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்துவிடக்கூடிய கணக்கு இது.

100M என்றால் ஒவ்வொரு நொடியும் 100 மெகாபிட் அளவு காட்சி கார்டில் எழுதப்படுகிறது என்று பொருள். இதைத்தான் பிட்ரேட் என்கிறோம். கார்டும் டிஸ்க்கும் பிட்டில் பேசுவதில்லை, பைட்டில் பேசுகின்றன. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 100-ஐ எட்டால் வகுக்க, நொடிக்கு 12.5 மெகாபைட். மணிக்கு 3,600 நொடி. பெருக்கினால் 45,000 மெகாபைட், அதாவது 45 ஜிபி. ஒவ்வொரு முறையும் இப்படி வகுத்துப் பெருக்க வேண்டியதில்லை. இந்த ஒரு வரி போதும்:

```
Mbps × 0.45 = GB / hour
```

200M என்றால் மணிக்கு 90 ஜிபி. எட்டால் வகுக்க மறந்தால் கணக்கு எட்டு மடங்கு ஊதிவிடும். இரண்டு முறை வகுத்துவிட்டால் மண்டபத்தில் கார்டு போதாது.

மெனுவில் உள்ள எண் பெரும்பாலும் மேல்வரம்பு. மேடையில் அசைவு குறைவாக இருந்தால் கேமரா அதைவிடக் குறைவாக எழுதக்கூடும். பின்னால் எல்இடி சுவர் மின்னி, பூ தூவி, கூட்டமும் அசைந்தால் வரம்பை ஒட்டி எழுதும். சந்தேகம் இருந்தால் அசைவு மிகுந்த ஒரு காட்சியை ஐந்து நிமிடம் எடுத்து, கோப்பின் அளவைப் பன்னிரண்டால் பெருக்கிப் பாருங்கள். அதுதான் உங்கள் கேமராவின் ஒரு மணி நேரக் கணக்கு. பிட்ரேட் எங்கே எழுதியிருக்கிறது என்றே தெரியாத பழைய கேமராவுக்கும் செல்போனுக்கும் இந்த வழி பொருந்தும்.

இனி ஒரு கல்யாணத்தை எடுத்துக்கொள்வோம். மாலை ஆறரை முதல் பத்து வரை ரிசப்ஷன். மறுநாள் அதிகாலை நாலரை முதல் ஒன்பது வரை முகூர்த்தம். மேடைக்கு எதிரே ட்ரைபாடில் ஒரு கேமரா, 4கே, நொடிக்கு 25 ஃபிரேம், 100M. கூட்டத்துக்குள் சுற்றிவரும் கேண்டிட் கேமரா ஒன்று. ஸ்லோமோஷன் தேவைப்படும் என்பதால் அதில் 50 ஃபிரேம், 200M. சோனி ஆல்ஃபா கேமராக்களில் இந்த இரண்டு அமைப்புமே உண்டு. இவற்றோடு கொஞ்ச நேரம் ஹெலிகேம்.

இங்கே பலரும் நிகழ்ச்சியின் நேரத்தைப் பெருக்கிவிடுகிறார்கள். பெருக்க வேண்டியது ரெக்கார்ட் ஓடும் நேரத்தை. ட்ரைபாட் கேமராவுக்கு இரண்டும் ஒன்றுதான். தாலி கட்டும் நிமிடம் எப்போது வரும் என்று புரோகிதருக்கே உறுதியாகத் தெரியாது என்பதால் அதை நிறுத்தவே மாட்டார்கள். மொத்தம் எட்டு மணி நேரம், மணிக்கு 45 ஜிபி வீதம் 360 ஜிபி. கேண்டிட் கேமரா விட்டுவிட்டு ஓடும். ரிசப்ஷனில் ஒரு மணி நேரம், முகூர்த்தத்தில் இரண்டு மணி நேரம் என்று வைத்தால் 270 ஜிபி. நேரம் குறைவுதான், ஆனாலும் பிட்ரேட் இரட்டிப்பு என்பதால் ட்ரைபாட் கேமராவை நெருங்கிவிட்டது. ஹெலிகேம் 100M-இல் இருபது நிமிடம் பறந்தால் 15 ஜிபி. நாதஸ்வரத்தையும் மந்திரத்தையும் தனியாகப் பதியும் ஆடியோ ரெக்கார்டருக்கு எட்டு ஜிபி ஒதுக்கலாம். மொத்தம் 653 ஜிபி.

அடுத்து கார்டு. 128 ஜிபி கார்டு 100M-இல் சுமார் இரண்டே முக்கால் மணி நேரம்தான் தாங்கும். மூன்றரை மணி நேர ரிசப்ஷனின் நடுவில் அது நிரம்பிவிடும். ட்ரைபாட் கேமராவுக்கு 256 ஜிபி கார்டு இரண்டு வேண்டும். ரிசப்ஷன் 157 ஜிபி ஒன்றில், முகூர்த்தம் 202 ஜிபி மற்றதில். முகூர்த்தம் தள்ளிப்போனாலும் இன்னும் ஒரு மணி நேரத்துக்கு இடம் இருக்கும். கேண்டிட் கேமராவுக்கு ரிசப்ஷனுக்கு ஒரு 128, காலைக்கு ஒரு 256. இரண்டு ஸ்லாட்டிலும் ஒரே நேரத்தில் பதிவு செய்பவர்கள் இதை அப்படியே இரட்டிப்பாக்க வேண்டும்.

256 ஜிபி கார்டைக் கணினியில் போட்டால் 238 என்று காட்டும். அதைப் பார்த்து ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். கார்டு தயாரிப்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது. மேலே உள்ள கணக்கெல்லாம் ஆயிரக் கணக்கு. ஆகவே அட்டையில் அச்சிட்ட எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள், திரையில் தெரிவதோடு கலக்காதீர்கள்.

கொள்ளளவைவிட அதிகம் கவனிக்கப்படாமல் போவது வேகம். கார்டின் முகப்பில் பெரிதாக 200MB/s என்று போட்டிருப்பது பெரும்பாலும் படிக்கும் வேகம், அதுவும் உச்ச வேகம். கேமராவுக்கு வேண்டியது எழுதும்போது எந்த நொடியிலும் கீழே இறங்காத வேகம். அது மூலையில் V30, V60, V90 என்று சிறிதாக இருக்கும். V30 என்றால் நொடிக்குக் குறைந்தது 30 மெகாபைட். அதை எட்டால் பெருக்கினால் 240 மெகாபிட். நம் கேண்டிட் கேமராவின் 200M-க்கு நொடிக்கு 25 மெகாபைட் போதும் என்பதால் V30 தாங்கும். ஆனால் அதே கேமராவில் ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியாகச் சுருக்கும் ஆல்-இன்ட்ரா முறைக்கு மாறினால், 50 ஃபிரேமுக்கு எண் 500M ஆகிவிடும். அதாவது நொடிக்கு 62.5 மெகாபைட். V60 இரண்டரை மெகாபைட்டில் தோற்றுவிடும். அதற்கு V90 வேண்டும்.

வேகம் போதாவிட்டால் சில கேமராக்கள் அந்த முறையைத் தொடங்கவே விடாது. அது நல்லது. தொடங்கிவிட்டு, தற்காலிக நினைவகம் நிரம்பியதும் தானாக நின்றுவிடுவதுதான் ஆபத்து. ரெக்கார்ட் நடுவில் காரணமின்றி நின்றால் முதலில் கார்டைச் சந்தேகியுங்கள். போலிக் கார்டும் சந்தையில் உண்டு. 256 என்று எழுதியிருந்தாலும் உள்ளே அதில் ஒரு பங்குதான் இருக்கும். H2testw என்ற இலவச மென்பொருள் கார்டு முழுவதையும் எழுதித் திரும்பப் படித்துப் பார்த்து, உண்மையான கொள்ளளவையும் எழுதும் வேகத்தையும் சொல்லிவிடும். கேமராவுக்குள் போவதற்கு முன் புதுக் கார்டு ஒவ்வொன்றும் இந்தச் சோதனையைக் கடந்துவர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ரிசப்ஷன் முடிந்தது. இரண்டு கார்டிலும் சேர்த்து 247 ஜிபி. சாதாரண போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100 மெகாபைட் எழுதினால், 2,470 நொடி, அதாவது 41 நிமிடம். எழுதியதைச் சரிபார்க்கத் திரும்பப் படித்தால் அதே அளவு நேரம் இன்னொரு முறை. நள்ளிரவுக்குள் முடிந்துவிடும். அதே வேலையைப் பழைய யுஎஸ்பி 2 கார்டு ரீடரில் செய்தால் நொடிக்கு 35 மெகாபைட்தான் வரும். நகலெடுக்க மட்டும் இரண்டு மணி நேரம், சரிபார்ப்போடு நான்கு. நாலரை மணி முகூர்த்தத்துக்கு மூன்றரைக்கு எழ வேண்டியவருக்கு இது தூக்கமில்லாத இரவு. தூக்கக் கலக்கத்தில்தான் நகலெடுக்காத கார்டை ஃபார்மட் செய்யும் கை வரும். அதனால்தான் காலைக்கென்று தனிக் கார்டுகளைக் கணக்கில் சேர்த்தோம். ரிசப்ஷன் கார்டுகளை அழிக்க வேண்டிய தேவையே இல்லை. டிஸ்க்கில் ஒரு பிரதி, கார்டில் ஒரு பிரதி என்று இரண்டும் இருக்கும்.

எடிட்டிங் டிஸ்க்குக்கு வருவோம். 653 ஜிபி மூலக் காட்சியோடு, எடிட் செய்ய எளிதாக இருக்கட்டும் என்று உருவாக்கும் சிறிய ப்ராக்ஸி கோப்புகளையும் சேர்க்க வேண்டும். ஹெச்டி அளவில் ப்ரோரெஸ் ப்ராக்ஸி 25 ஃபிரேமுக்கு 38 மெகாபிட், மணிக்கு 17 ஜிபி. பதினொன்றேகால் மணி நேரக் காட்சிக்குக் கிட்டத்தட்ட 190 ஜிபி. முடித்த மூன்று மணி நேரப் படத்தை 50M-இல் வெளியே எடுத்தால் 68 ஜிபி. மொத்தம் 910 ஜிபிக்கு மேல். 1 டிபி எஸ்எஸ்டியில் இது அடங்கும், ஆனால் பத்தில் ஒன்பது பங்கு நிறைந்துவிடும். எஸ்எஸ்டி அவ்வளவு நிறையும்போது எழுதும் வேகம் சரியும், மென்பொருளின் தற்காலிகக் கோப்புகளுக்கும் இடம் இராது. 2 டிபி வாங்குவதே சரி.

வேகம்? இரண்டு கேமராக் காட்சிகளையும் ஒன்றாக ஓட்டினால் 12.5-உம் 25-உம் சேர்ந்து நொடிக்கு 37.5 மெகாபைட். போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க்கின் 100-க்கு இது எளிது என்று தோன்றும். ஆனால் அந்த 100 ஒரே கோப்பை நேராகப் படிக்கும்போது கிடைப்பது. இரண்டு கோப்புகளுக்கு இடையே ஹெட் மாறிமாறித் தாவினால் வேகம் வெகுவாகக் குறையும். ஹார்ட் டிஸ்க் நிறைய நிறைய, தகட்டின் உள்வட்டத்தில் எழுதப்படும் பகுதிகளில் வேகம் வெளிவட்டத்தில் இருப்பதில் பாதியளவுக்கு இறங்கிவிடும். காட்சிகளை 4கே ப்ரோரெஸ் 422-க்கு மாற்றி எடிட் செய்பவர்களுக்கு ஒவ்வொன்றும் 492 மெகாபிட். இரண்டு ஓடினால் நொடிக்கு 123 மெகாபைட். அங்கே எஸ்எஸ்டி தவிர வேறு வழியில்லை.

காட்சி தடுமாறினாலே டிஸ்க் மாற்ற ஓடுபவர்கள் உண்டு. முதலில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். டிஸ்க் நூறு சதவீதத்தில் நின்றால் குறை டிஸ்க்கில். டிஸ்க் சும்மா இருக்க, சிபியு நூறைத் தொட்டால், கேமராவின் இறுக்கமான சுருக்கத்தை விரிக்க முடியாமல் கணினிதான் திணறுகிறது. அதற்கு மருந்து ப்ராக்ஸி, புது டிஸ்க் அல்ல.

ஒப்படைத்த பிறகு மூலமும் முடித்த படமும் மட்டும் 721 ஜிபி. ஆண்டுக்கு 25 கல்யாணம் எடுக்கும் ஸ்டூடியோவுக்கு ஒரு பிரதிக்கே 18 டிபி. எத்தனை மாதம் வைத்திருப்போம் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி, மூலம் வேண்டும் என்ற வீட்டாரிடம் 1 டிபி டிஸ்க் ஒன்றை முன்கூட்டியே கேட்டு வாங்கிவிடலாம்.