வாயால் சொல்லும் சுயவிவரம்

தொழில்முறைச் சந்திப்புகளில் சொல்லும் அறிமுகமும் லிங்க்ட்இன் பக்கத்தில் உள்ள சுருக்கமும் ஒரே ஆளைக் காட்ட வேண்டும். அறிமுகத்தைக் கேட்டவர் பெரும்பாலும் பிறகு அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பார். பேச்சில் ‘ஏற்றுமதி மேலாளர்’, பக்கத்தில் ‘மெர்ச்சண்டைசர்’ என்றிருந்தால் அங்கேயே சந்தேகம் எழும்.

திருப்பூர் மெர்ச்சண்டைசர் ஒருவரின் சுருக்கம் இப்படி இருப்பதாகக் கொள்வோம்: “பின்னலாடை ஏற்றுமதியில் 8 ஆண்டு அனுபவம். ஐரோப்பிய வாடிக்கையாளர்களின் குழந்தைகள் ஆடை ஆர்டர்களை மாதிரி ஒப்புதல் முதல் கப்பலேற்றம் வரை ஒருங்கிணைப்பவர். ஆர்கானிக் பருத்தியில் தேர்ச்சி.”

இதை மனப்பாடமாக ஒப்பித்தால் மேடைப்பேச்சாகிவிடும். தகவலையும் வரிசையையும் வைத்துக்கொண்டு, வாக்கியங்களை மட்டும் உடைக்க வேண்டும். பெயரைச் சொல்லி ஒரு நொடி நிறுத்திய பின்: “திருப்பூர்ல மெர்ச்சண்டைசரா இருக்கேன், எட்டு வருஷமாச்சு. யூரோப்புக்குப் போற குழந்தைங்க டிரஸ். சாம்பிள் ஓகே ஆகறதுல இருந்து ஷிப்மென்ட் வரைக்கும் நான்தான் பாக்கறேன். இப்ப நிறைய ஆர்கானிக் காட்டன்தான். நீங்க எந்தப் பக்கம்?”

‘ஒருங்கிணைப்பவர்’ என்ற சொல் பேச்சில் ‘நான்தான் பாக்கறேன்’ ஆகிவிட்டது. எட்டு வருஷம் மாறவில்லை. கடைசிக் கேள்வி எழுத்தில் கிடையாது. அது இல்லாவிட்டால் எதிரில் நிற்பவர் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்.

தேடலில் சிக்குவதற்காகப் பக்கத்தில் அடுக்கிய மென்பொருள், சான்றிதழ் பெயர்கள் பேச்சுக்கு வேண்டாம். கேட்டால் சொன்னால் போதும். வரைவை அலைபேசியில் பதிவுசெய்து கேட்கலாம். மூச்சு வாங்கும் இடத்தில் வாக்கியம் நீளம். அரை நிமிடத்தைத் தாண்டினால் ஏதோ ஒரு தகவல் கூடுதல்.