மார்ச் 2 வரை

நியமனக் கடிதத்தில் ஆறு மாதம் தகுதிகாண் காலம் என்று போட்டிருக்கும். அலுவலகத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, புரொபேஷன் என்பார்கள். ஆறாவது மாதம் முடியும் வேளையில், வேலை நிரந்தரம் என்ற கடிதத்தை எதிர்பார்த்து இருக்கும் ஒருவரின் கையில் இப்படி ஒரு தாள் வந்து சேர்கிறது: "தங்கள் செயல்பாடு திருப்திகரமாக இல்லாததால் தகுதிகாண் காலம் மேலும் மூன்று மாதங்களுக்கு நீட்டிக்கப்படுகிறது. தாங்கள் முன்னேற்றம் காட்டுவீர்கள் என எதிர்பார்க்கிறோம்."

இரண்டே வரி. எந்த வேலையில் குறை, எந்தத் தேதி வரை, எதைச் செய்தால் போதும் என்ற மூன்றுக்கும் அதில் பதில் இல்லை. வாங்கியவர் அன்று இரவே வேறு வேலை தேடத் தொடங்குவார். அவரைத் தக்கவைத்துக்கொள்ள நினைத்துத்தான் நிறுவனம் நீட்டிப்பு கொடுத்தது. வேண்டாம் என்று நினைத்திருந்தால் அன்றே அனுப்பியிருக்கும். நல்ல எண்ணத்தில் எழுதப்பட்ட கடிதமே ஆளை வெளியே தள்ளிவிடுகிறது.

இதை எப்படி எழுதலாம் என்று பார்க்க ஒருவரை நினைத்துக்கொள்வோம். கோவையில் மோட்டார் உதிரி பாகங்கள் விற்கும் ஒரு நிறுவனம். கணக்குப் பிரிவில் ஒரு பெண் ஜூன் 3 அன்று சேர்ந்தார். ஆறு மாதம் டிசம்பர் 2-ல் முடிகிறது. கொள்முதல் பில்களை டேலியில் ஏற்றுவதும், ஜிஎஸ்டி இணையதளத்தில் வரும் 2பி அறிக்கையோடு ஒப்பிடுவதும் அவர் வேலை. சரக்கு விற்றவர்கள் காட்டிய பில்களின் பட்டியலான 2பி, ஒவ்வொரு மாதமும் 14-ம் தேதி வரும். மாதாமாதம் கணக்குக் காட்டும் நிறுவனம் 20-ம் தேதிக்குள் 3பி தாக்கல் செய்ய வேண்டும். இடையில் இருக்கும் சில நாட்களில் இரண்டு பட்டியலும் பொருந்த வேண்டும். பொருந்தாத பில்லுக்கு உள்ளீட்டு வரிச் சலுகையை அந்த மாதம் எடுக்க முடியாது.

அந்தப் பெண்ணின் பில் பதிவில் குறையில்லை, ஒப்பிடுவதில்தான் தாமதம். இதைத்தான் கடிதத்தின் காரணப் பத்தி சொல்ல வேண்டும். 'கவனக்குறைவு', 'பொறுப்பின்மை' போன்ற சொற்கள் ஆளைப் பற்றியவை. அவற்றைப் படிப்பவர் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் பார்ப்பார். நடந்ததைத் தேதியோடு சொன்னால் வாதாட இடமிருக்காது. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"செப்டம்பர் மாதக் கொள்முதல் ஒப்பீடு அக்டோபர் 19 மாலையிலும், அக்டோபர் மாத ஒப்பீடு நவம்பர் 19 இரவிலும் முடிந்தன. நவம்பரில் பில் எண் தவறாக ஏறியிருந்த 11 பில்களைத் திருத்த நேரம் போதாமல், அவற்றின் வரிச் சலுகையை அடுத்த மாதத்துக்குத் தள்ள நேர்ந்தது. இந்த வேலையை உங்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டிய மூத்த கணக்காளர் ஜூலையில் விலகியதால், திட்டமிட்ட ஆறு வாரப் பயிற்சியில் இரண்டு வாரமே உங்களுக்குக் கிடைத்தது. நாள்தோறும் பில்களை அன்றன்றே பதிவு செய்வதிலும், சப்ளையர்களின் பாக்கிக் கணக்கைச் சரியாக வைத்திருப்பதிலும் குறை எதுவும் இல்லை."

பயிற்சியைப் பற்றிய வரியை எழுத முதலாளிகள் தயங்குவார்கள். நம் குறையை நாமே எழுதிக் கொடுப்பதா என்பார்கள். அந்தப் பெண்ணுக்கு அது முன்பே தெரியும். கடிதத்தில் அது இல்லாவிட்டால் மற்ற வரிகளையும் நம்பமாட்டார். பாராட்டும் அப்படித்தான். 'உங்கள் உழைப்பை மதிக்கிறோம்' என்பது யாருக்கும் பொருந்தும், அதனால் அவருக்குப் பொருந்தாது. பாக்கிக் கணக்கு சரியாக இருக்கிறது என்பது அவருக்கு மட்டுமே சொன்னது.

அடுத்தது புதிய முடிவுத் தேதி. மூன்று மாதம், ஆறு மாதம் என்று வழக்கப்படி போட்டுவிடுவதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. குறை இருக்கும் வேலை எத்தனை முறை திரும்ப வருகிறது என்று எண்ணி, அதிலிருந்து தேதியைப் பிடிக்க வேண்டும். இவருடைய வேலை மாதம் ஒரு முறை வருகிறது. ஒரு மாத நீட்டிப்பு கொடுத்தால் ஒரே வாய்ப்புதான் கிடைக்கும். அந்த வாரம் காய்ச்சல் வந்துவிட்டால் அதுவும் போயிற்று. மூன்று மாதம் என்றால் டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி என மூன்று ஒப்பீடுகள் வரும். முதலாவதில் யாராவது கூட இருந்து சொல்லிக்கொடுக்கலாம், அடுத்த இரண்டையும் அவரே செய்யலாம். ஆகவே டிசம்பர் 3 முதல் மார்ச் 2 வரை. 'மூன்று மாதங்கள்' என்று மட்டும் எழுதாமல் இரண்டு தேதிகளையும் எழுத வேண்டும். பிப்ரவரி 25-க்குள் முடிவை எழுத்தில் தருவோம் என்றும் சேர்க்க வேண்டும். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் மார்ச் 2 நெருங்க நெருங்க அவருக்குத் தூக்கம் வராது.

எதிர்பார்ப்பும் இதே அளவுகோலில்தான். "ஒவ்வொரு மாதமும் 17-ம் தேதி மாலைக்குள் ஒப்பீடு முடிய வேண்டும். பொருந்தாத பில்களின் பட்டியல் 16-ம் தேதியே சப்ளையர்களுக்குப் போக வேண்டும். ஜனவரி, பிப்ரவரி ஒப்பீடுகளில் நம் பக்கப் பதிவுத் தவறால் தள்ளிப்போகும் பில் இருக்கக் கூடாது." நம் பக்கப் பதிவுத் தவறு என்ற சொற்களைக் கவனியுங்கள். விற்றவர் தன் கணக்கில் பில்லைக் காட்டாமல் விட்டதற்கு இவர் பொறுப்பாக முடியாது. அதையும் சேர்த்து 'எல்லா பில்களும் பொருந்த வேண்டும்' என்று எழுதினால், கையில் இல்லாத ஒன்றை வைத்து அவரை அளக்கிறோம். நிறுவனம் செய்யப்போவதும் அதே பத்தியில் வரட்டும்: டிசம்பர் 14 முதல் 17 வரை கணக்குப் பிரிவுத் தலைவர் உடன் அமர்ந்து சொல்லிக்கொடுப்பார், ஒவ்வொரு மாதமும் 21-ம் தேதி அரை மணி நேரம் பேசுவார். சம்பளம், பி.எஃப்., விடுப்பு எதுவும் மாறாது என்பதற்கும் ஒரு வரி வேண்டும். வாங்கியவர் முதலில் தேடுவது அதைத்தான், கேட்கக் கூச்சப்படுவார்.

சட்டத்தின் பக்கம் சிலவற்றை மறக்கக் கூடாது. நீட்டிக்கலாம் என்று நியமனக் கடிதத்தில் இருக்கிறதா, உச்ச வரம்பு உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும். விதியில் உச்ச வரம்பு இருந்து, அதைத் தாண்டியும் வேலையில் வைத்திருந்தால் பணி உறுதியானதாகவே கொள்ள வேண்டும் என்று பஞ்சாப் ஆசிரியர் தரம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1968-ல் சொன்னது. அரசுப் பணி விதியைப் பற்றிய தீர்ப்பு என்றாலும், கடிதம் பழைய கெடு முடியும் முன்பே போக வேண்டும் என்பதற்கு இது நல்ல எச்சரிக்கை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ன்படி, தொடர்ந்து ஆறு மாதம் வேலை பார்த்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான ஊதியமோ இல்லாமல் நீக்க முடியாது. அச்சட்டம் பொருந்தும் இடத்தில் நீட்டிப்பு என்பது நினைத்த நேரத்தில் அனுப்பிவிடலாம் என்ற உரிமை அல்ல.

கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு இருப்பது சரியல்ல. நவம்பர் 25 வாக்கில், வெள்ளிக்கிழமை மாலையாக இல்லாமல் காலையில், தலைவர் அவரை உட்காரவைத்து முதலில் வாயால் சொல்ல வேண்டும். அவர் கேட்கப்போகும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்.

"அப்போ என்னை எடுத்துடுவீங்களா சார்?"

"இல்லைம்மா. எடுக்கணும்னா இந்தக் கடிதமே தேவையில்லையே. மார்ச் வரைக்கும் மூணு ஒப்பீடு இருக்கு. முதலாவது நாம சேர்ந்து பண்ணுவோம். இதைப் படிச்சுப் பாருங்க, எதாவது தப்பா எழுதியிருந்தா சொல்லுங்க."

கடைசி வாக்கியம் ஒப்புக்குச் சொல்வதாக இருக்கக் கூடாது. 11 பில்களில் நான்கு, குடோனிலிருந்து தாமதமாக வந்தவை என்று அவர் காட்டினால், அந்த எண்ணை ஏழாகத் திருத்தி, மறுபடி அச்சடித்துக் கொடுத்த பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும்.