கல்லீரல் சுருங்கியவருக்கு எந்த வலி மாத்திரை?

58 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பல வருஷமாகச் சர்க்கரை, கூடவே ஃபேட்டி லிவர். அது மெல்ல முற்றிச் சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் நிலைக்கு வந்துவிட்டது. வயிற்றில் நீர் கோப்பதால் சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். முழங்கால் வலி தாங்கவில்லை. பாராசிட்டமால் கல்லீரலைக் கெடுக்கும் என்று யாரோ சொல்லியிருந்ததால், மருந்துக்கடையில் "அது வேண்டாம் தம்பி, வேற நல்ல வலி மாத்திரையா குடுங்க" என்று கேட்டு, டைக்ளோஃபெனாக் வாங்கிக் காலையும் மாலையும் போடுகிறார். நாலைந்து நாளில் வலி அடங்குகிறது. ஆனால் சிறுநீர் குறைகிறது, வேட்டி இடுப்பில் இறுகுகிறது, கால் வீங்குகிறது. பரிசோதித்தால் கிரியாட்டினின் 0.9-லிருந்து 2.1 ஆகியிருக்கிறது. அடி விழுந்தது சிறுநீரகத்துக்கு.

இது கற்பனை நபர்தான். ஆனால் கல்லீரல் மருத்துவர்களுக்கு நன்கு பழகிய கதை. சிரோசிஸில் வயிற்றுப் பக்கத்து ரத்தக்குழாய்கள் விரிந்து, அங்கேயே நிறைய ரத்தம் தங்கிவிடும். சிறுநீரகத்துக்குப் போய்ச்சேரும் ரத்தம் குறையும். அப்போது அதன் சின்னக் குழாய்களைத் திறந்து வைத்திருப்பது புராஸ்டாகிளாண்டின் என்ற பொருள். டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென், அசிக்ளோஃபெனாக், நாப்ராக்ஸன் எல்லாம் வலியைக் குறைப்பது அந்தப் பொருள் சுரப்பதைத் தடுத்துத்தான். வலியோடு சிறுநீரகத்தின் பிடிமானமும் போய்விடுகிறது. உப்பும் நீரும் உடம்பில் தேங்கும். சிறுநீர் மாத்திரை வேலை செய்யாது. போதாததற்கு இவை இரைப்பையையும் புண்ணாக்கும். சிரோசிஸ்காரர்களில் பலருக்கு உணவுக்குழாயில் ரத்தக்குழாய்கள் புடைத்திருக்கும், ரத்தத்தட்டுகளும் குறைந்திருக்கும். ரத்தக்கசிவு தொடங்கினால் நிறுத்துவது கடினம். ஆகவே சிரோசிஸ் உள்ளவர் இந்த வகை மாத்திரையைத் தவிர்ப்பதே சரி. ஊசியாகப் போட்டாலும் இதே ஆபத்துதான்.

அப்படியானால் எதைப் போடுவது? அவர் பயந்து ஒதுக்கிய பாராசிட்டமாலைத்தான். அளவு மட்டும் மாறும். நல்ல உடல்நிலையில் உள்ள பெரியவருக்கு ஒரு நாளின் உச்ச வரம்பு 4 கிராம். சிரோசிஸ் இருந்தால் 2 கிராம். 500 மில்லிகிராம் மாத்திரை என்றால் நாளுக்கு நான்கு. 650 என்றால் மூன்று, அதற்கு மேல் கூடாது. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஆறு முதல் எட்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். பாராசிட்டமாலில் ஒரு சிறு பகுதி கல்லீரலில் நச்சாக மாறும். குளூட்டாதயோன் என்ற பொருள் அதை உடனே செயலிழக்கச் செய்யும். தினமும் குடிப்பவருக்கும் சாப்பிடாமல் மெலிந்தவருக்கும் அந்தக் கையிருப்பு குறைவு. அவர்கள் 2 கிராமையும் தொடாமல் இன்னும் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். மருத்துவரிடம் கேட்டே போடவேண்டும்.

கணக்கு தவறுவது கூட்டு மாத்திரைகளில்தான். மூட்டுவலிக்கென்று விற்கும் பல அட்டைகளில் அசிக்ளோஃபெனாக் 100 மில்லிகிராமும் பாராசிட்டமால் 325-உம் சேர்ந்திருக்கும். சளி மாத்திரைகளிலும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும். காய்ச்சலுக்கு மூன்று 650, சளிக்கு இரண்டு 500 என்று ஒரே நாளில் போட்டால் 2,950 மில்லிகிராம் ஆகிவிடும். அட்டையின் முன்பக்கப் பெயரைப் பார்த்துப் பயனில்லை. பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் உள்ள சேர்மானத்தைப் படியுங்கள்.

இத்தனை கட்டுப்பாடும் சிரோசிஸுக்குத்தான். ஸ்கேனில் "ஃபேட்டி லிவர் கிரேடு 1" என்று வந்து, தழும்பு எதுவும் இல்லாதவர் வழக்கமான அளவில் பாராசிட்டமால் போடலாம். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையைக் கல்லீரலுக்குப் பயந்து தாமாக நிறுத்திவிடுகிறார்கள். இதுவும் தவறு: ஃபேட்டி லிவர்காரர்களைப் பெரும்பாலும் கொண்டுபோவது மாரடைப்பு. ஆனால் ஸ்கேனின் கிரேடு கொழுப்பின் அளவைத்தான் சொல்லும், தழும்பைச் சொல்லாது. எஸ்ஜிபிடி சரியாக இருக்கும்போதே சிரோசிஸ் இருக்கலாம். ரத்தத்தட்டுகள் குறைவதும் ஆல்புமின் இறங்குவதும் சந்தேகத்துக்குரிய அறிகுறிகள். ஃபைப்ரோஸ்கேன் எடுத்தால் கல்லீரலின் விறைப்பு தெரியும்.

பாராசிட்டமாலுக்கு அடங்காத வலிக்கு டிரமடால், தூக்கத்துக்கு அல்பிரசோலம் என்று போவதில் வேறொரு சிக்கல். சிரோசிஸில் இவை உடம்பைவிட்டு வெளியேற நேரமாகும். டிரமடால் மலச்சிக்கலையும் கொண்டுவரும்; குடலில் தேங்கும் அம்மோனியா மூளையை மந்தமாக்கும். பகலில் தூங்கி இரவில் விழிப்பது, பேச்சு குழறுவது, கையை நீட்டினால் படபடவென்று உதறுவது ஆகியவை தெரிந்தால் வீட்டார் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துப் போகவேண்டும். மலம் தார்போலக் கறுத்தாலும், ரத்த வாந்தி எடுத்தாலும் அப்படியே. பல் பிடுங்கப் போனாலும், எலும்பு டாக்டரிடம் போனாலும், சீட்டு எழுதும் முன்பே "எனக்கு சிரோசிஸ் இருக்கு" என்று சொல்லிவிடுங்கள்.