போனில் ரூ.8,460... பேங்கில் ரூ.7,643! மீதிப் பணம் எங்கே போச்சு?

கியூ.ஆர். ஸ்கேன் வைத்திருக்கும் கடைகளில் ராத்திரி ஆப் ஒரு தொகை காட்டும். மறுநாள் பேங்கில் அதைவிடக் குறைவாக ஏறும். உடனே கல்லாவில் நிற்கும் பையன் மீது சந்தேகம் விழுந்துவிடுகிறது. ஆனால் பெரும்பாலும் பணம் எங்கேயும் போவதில்லை.

ஒரு மளிகைக்கடை கணக்கை உதாரணமாகப் பார்ப்போம். ஒரு நாள் வரவு ரூ.8,460. பேங்கில் ஏறியது ரூ.7,643. துண்டு விழுந்தது ரூ.817.

ஆப்பில் 'செட்டில்மெண்ட்' பகுதியைத் திறந்தால் விடை கிடைக்கும். ராத்திரி கணக்கு முடித்த பிறகு வந்த ரூ.640 'பெண்டிங்'கில் நிற்கிறது. அது அடுத்த செட்டில்மெண்டில் வரும். பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும் ஸ்பீக்கர் பெட்டிக்கு மாத வாடகை ரூ.100, ஜி.எஸ்.டி. ரூ.18. ஆக ரூ.118 பிடித்தம்.

மீதி ரூ.59? பேங்க் கணக்கில் இருந்து வரும் யு.பி.ஐ. பணத்துக்கு 2020 ஜனவரி முதல் கடைக்காரருக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் ஒருவர் ரூ.2,500-ஐ ரூபே கிரெடிட் கார்டை இணைத்துக் கட்டியிருக்கிறார். அதற்கு 2 சதவீதம் என்றால் ரூ.50, ஜி.எஸ்.டி. ரூ.9. கணக்கு நேராகிவிட்டது.

தினமும் செட்டில்மெண்டில் உள்ள யு.டி.ஆர். எண்ணை பேங்க் ஸ்டேட்மெண்டோடு ஒத்துப்பார்த்து டிக் போட வேண்டும். பெண்டிங் தொகையைத் தனியாக நோட்டில் எழுத வேண்டும். அது அடுத்த செட்டில்மெண்டிலும் வராவிட்டால், அந்தந்தப் பணத்தின் 12 இலக்க எண்ணைச் சொல்லி ஆப் கம்பெனியில் புகார் கொடுக்கலாம். பையனைத் திட்டுவது அதற்கு அப்புறம்!