0-வா, O-வா? பாஸ்போர்ட்டுக்குள் ஒரு கணக்கு

பாஸ்போர்ட்டில் புகைப்படம் இருக்கும் பக்கத்தின் அடியில், < என்ற குறிகள் நிறைந்த இரண்டு வரிகளைப் பார்த்திருப்பீர்கள். வரிக்கு 44 இடங்கள். குடிவரவுக் கருவி படிப்பது இவற்றைத்தான். தாள் தேய்ந்திருந்தாலோ விளக்கொளி பட்டுக் கூசினாலோ, படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருள் தடுமாறும். 0 என்பது O ஆகும், 8 என்பது B ஆகும், 2 என்பது Z ஆகும்.

பாதிச் சந்தேகத்தை எழுத்து நிற்கும் இடமே தீர்த்துவிடும். பிறந்த தேதி இருக்கும் இடத்தில் O வந்தால் அது 0-தான். பெயர் வரியில் 0 வந்தால் அது O-தான். இந்தியப் பாஸ்போர்ட் எண்ணில் முதலில் ஓர் எழுத்து, பிறகு ஏழு இலக்கங்கள். ஆகவே நம் எண்ணில் குழப்பம் குறைவு. சில நாடுகளின் எண்களில் எழுத்தும் இலக்கமும் கலந்து வரும். அங்கேதான் சரிபார்ப்பு இலக்கம் உதவுகிறது.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்த விதி இது. இலக்கத்துக்கு அதன் மதிப்பே. எழுத்துகளுக்கு A 10, B 11 என்று தொடங்கி Z 35 வரை. இடமிருந்து வலமாக 7, 3, 1, மறுபடி 7, 3, 1 என்று பெருக்கிக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகையின் கடைசி இலக்கம்தான் சரிபார்ப்பு இலக்கம். எண்ணுக்கு அடுத்த இடத்தில் அது அச்சாகியிருக்கும்.

அந்த அமைப்பே மாதிரிக்குக் காட்டும் எண் L898902C3. இதன் சரிபார்ப்பு இலக்கம் 6. L-க்கு 21, அதை 7-ஆல் பெருக்க 147. அடுத்த 8-ஐ 3-ஆல் பெருக்க 24. இப்படியே போனால் மொத்தம் 316, கடைசி இலக்கம் 6. பொருந்துகிறது. இப்போது ஆறாம் இடத்து 0-ஐ மென்பொருள் O என்று படித்துவிட்டதாக வையுங்கள். O-வின் மதிப்பு 24, அந்த இடத்தின் பெருக்கி 1. மொத்தம் 340 ஆகிறது, கடைசி இலக்கம் 0. தவறு உடனே தெரிந்துவிடும். 24-ஐ 7, 3, 1 எதனால் பெருக்கினாலும் கடைசியில் 0 வராது. அதனால் இந்தக் குழப்பம் ஒரே இடத்தில் நேர்ந்தால் எங்கே நேர்ந்தாலும் பிடிபடும்.

இரண்டு இடங்களில் நேர்ந்தால் கதை வேறு. இதே எண்ணில் இரண்டாம், நான்காம் இடங்களில் இருக்கும் இரு 8-களும் B ஆகிவிட்டால், LB9B902C3 என்று வரும். B-க்கும் 8-க்கும் வித்தியாசம் 3. ஓரிடத்தில் பெருக்கி 3, மற்றதில் 7. கூடுவது 9-ம் 21-ம், அதாவது 30. மொத்தம் 346, கடைசி இலக்கம் மறுபடியும் 6! தவறான எண் சரியான எண்ணைப் போலவே தேறிவிடுகிறது. வரியின் கடைசியில் எல்லாவற்றுக்கும் சேர்த்து இன்னொரு சரிபார்ப்பு இலக்கம் உண்டு. ஆனால் அதுவும் பாஸ்போர்ட் எண்ணிலிருந்தே 7, 3, 1 என்று தொடங்குவதால், இந்தத் தவறை அதுவும் விட்டுவிடும்.

இதே எண்ணில் இரு 8, ஒரு 0, ஒரு 2 என நான்கு இடங்களைச் சந்தேகித்தால் பதினாறு வாய்ப்புகள் வரும். ஒவ்வொன்றாகக் கணக்கிட்டால் மூன்று தேறுகின்றன: சரியான எண், LB9B902C3, பிறகு LB9890ZC3. கணக்கு பொருந்திவிட்டது என்று மென்பொருள் முதலில் கிடைத்ததை எடுத்துக்கொள்வது பெரிய தவறு. ஒன்றே ஒன்று தேறினால்கூட, அது படத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தே ஏற்க வேண்டும். பலவும் தேறினால், மேலே பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கும் அதே எண்ணை ஒரு மனிதர் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும்.

கணக்கால் அறவே முடியாத ஜோடியும் ஒன்று உண்டு: G-யும் 6-ம். G-யின் மதிப்பு 16. 6-க்கும் அதற்கும் வித்தியாசம் சரியாக 10, அதை எதனால் பெருக்கினாலும் கடைசி இலக்கம் மாறாது. ஒன்றை மற்றதாகப் படித்தால் சரிபார்ப்பு இலக்கம் ஒருபோதும் காட்டிக்கொடுக்காது. ஜெர்மனி தன் பாஸ்போர்ட் எண்களில் O, I, B, S போன்ற எழுத்துகளையே தவிர்த்துவிட்டது. ஆனால் G இன்னும் அங்கே இருக்கிறது.

சிப் பதித்த பாஸ்போர்ட்டாக இருந்தால் ஒரு வழி உண்டு. சிப்பைத் திறக்கும் வழக்கமான சாவி பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, காலாவதித் தேதி ஆகியவற்றிலிருந்தே உருவாகிறது. 6-ஐ G என்று படித்திருந்தால் சாவி மாறிப்போய் சிப் திறக்காது. தேறிய எண்களை ஒவ்வொன்றாகச் சிப்பிடம் காட்டி, எது திறக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம். திறந்ததும் உள்ளே அதே இரண்டு வரிகளும் கணினி எழுத்தாகவே பதிந்திருக்கும்.